நண்பரோட அப்பாவோ அம்மாவோ தவறிட்டா வாய்ஸ் மெசேஜ்ல என்ன பேசுறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2019-ல எங்கம்மா தவறினப்போ என் ஃபோனுக்கு நிறைய வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. அதுல மூணே மூணு இன்னும் என்கிட்ட இருக்கு, ஃபோன் மாத்தினப்போகூட அதை மட்டும் தனியா எடுத்து வச்சுக்கிட்டேன். மூணுமே ஒரு நிமிஷத்துக்குள்ள தான். அதுக்கப்புறம் நானும் பல பேருக்கு அனுப்ப வேண்டி வந்துச்சு, கூட இருக்கிறவங்க "டேய் நான் என்னடா பேசுறது"ன்னு என்கிட்ட கேட்கவும் ஆரம்பிச்சாங்க. அப்படி கேட்ட கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் தான் இது.

கால் பண்ணி பேசாம வாய்ஸ் அனுப்பினா மரியாதை இல்லாத மாதிரி ஆகிடாதா?

அந்த முதல் நாள் ஒரு வீட்ல என்ன நடக்கும்னு யோசிங்க. ஃப்ரீசர் பாக்ஸ் சொல்லணும், பந்தலும் சேரும் வரணும், மின் மயானத்துல நேரம் வாங்கணும், ஊர்ல இருந்து வர்ற ஒவ்வொருத்தருக்கும் பஸ் ஸ்டாண்ட்ல இருந்து வழி சொல்லணும், எத்தன மணிக்கு எடுக்குறீங்கன்னு கேட்கிறவங்களுக்கு பதில் சொல்லணும். இதுக்கு நடுவுல ஃபோன் அடிச்சுக்கிட்டே இருக்கும். எடுத்தா முதல் கேள்வி "என்னப்பா ஆச்சு, எப்படி ஆச்சு". அன்னைக்கு நான் அந்த கதைய எத்தன தடவ சொன்னேன்னு எனக்கே தெரியாது, ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரி வராண்டாவுக்கு திரும்ப போயிட்டு வந்த மாதிரி இருந்துச்சு.

வாய்ஸ் மெசேஜ் அப்படி இல்ல, அது காத்திருக்கும். ராத்திரி எல்லாரும் படுத்தப்புறம் மொட்டை மாடியில போய் உட்கார்ந்து கேட்கலாம், திரும்ப பேச வேண்டிய கட்டாயம் இல்ல. எழுத்துல வர்ற "ஆழ்ந்த இரங்கல்" எல்லாம் யார் அனுப்பினாலும் ஒரே மாதிரி இருக்கும், குரல்ல தான் இது அவன்னு தெரியும்.

ஆனா ஒண்ணு, பக்கத்துல இருக்கீங்க, போக முடியும்னா போயிடுங்க. நல்லதுக்கு போகலன்னாலும் கெட்டதுக்கு போகணும்னு நம்ம வீட்ல சொல்வாங்கல்ல, அது சரியான பேச்சு. வாய்ஸ் மெசேஜ் போக முடியாதவங்களுக்கும், போய்ச் சேர ரெண்டு நாள் ஆகும்ங்கிறவங்களுக்கும் தான்.

எப்போ அனுப்பணும்? சேதி கேட்ட உடனேவா?

உடனே ஒரு வரி எழுதி அனுப்பிடுங்க, குரல அன்னைக்கு ராத்திரியோ மறுநாளோ அனுப்புங்க. எடுக்கிற வரைக்கும் ஃபோன் பெரும்பாலும் அவன் கையில இருக்காது, சித்தப்பா பையன்கிட்டயோ மச்சான்கிட்டயோ இருக்கும். யாரு என்னன்னு தெரியாம அவங்க அத தட்டினா கூடத்துல பத்து பேருக்கு நடுவுல ஸ்பீக்கர்ல உங்க குரல் கேட்கும். எனக்கு இது நடந்துருக்கு, நண்பன் ஒருத்தன் எனக்காக மட்டும் பேசினத என் பெரியப்பா சத்தமா கேட்டார். தப்பா ஒண்ணும் இல்ல அதுல, ஆனா அது எனக்கு மட்டும் உள்ளது.

அதனால வாய்ஸுக்கு முன்னாடி ஒரு வரி டைப் பண்ணுங்க: "கீழ வாய்ஸ் அனுப்பிருக்கேன், தனியா இருக்கும்போது கேளு, அவசரமில்ல". இந்த ஒரு வரி ரொம்ப முக்கியம். அப்படி செஞ்சாலும், யார் காதுலயாவது விழலாம்னு நினைச்சே பேசுங்க, அவங்க வீட்டு கடன் விஷயம், சொத்து விஷயம், கடைசி நேர ஆஸ்பத்திரி தகராறு எதுவும் அதுல வர வேண்டாம்.

சுடுகாட்டுக்கு போயிட்டு வந்து குளிச்சு முடிச்ச அந்த ராத்திரி தான் வீடு முதல் தடவ அமைதியாகும். அந்த நேரத்துல வந்த வாய்ஸ் தான் எனக்கு மனசுல நின்னுச்சு. பால் தெளிப்பு முடிஞ்சு சொந்தக்காரங்க கிளம்பினப்புறம் வந்ததும் அப்படித்தான்.

எவ்வளவு நேரம் பேசலாம்?

நாப்பது செகண்டுல இருந்து ஒரு நிமிஷம். கேட்கிறதுக்கு முன்னாடியே எத்தன நிமிஷம்னு திரையில தெரியும்ல, 3:20-ன்னு இருந்தா துக்கத்துல இருக்கிறவன் "அப்புறம் கேட்கலாம்"னு தள்ளி வச்சுடுவான், அப்புறம் அது கீழ போயிடும். 0:48-ன்னு இருந்தா அப்பவே கேட்பான், ஒருவேளை திரும்பவும் கேட்பான்.

நீளமாகுறதுக்கு காரணம் அன்பு அதிகமா இருக்கிறது இல்லங்க, என்ன சொல்லணும்னு முடிவு பண்ணாம மைக்க அழுத்துறது தான். மூணாவது தடவ "என்ன சொல்றதுன்னே தெரியலடா" வந்துச்சுன்னா நிறுத்திட்டு முதல்ல இருந்து ஆரம்பிங்க.

என்னதான் சொல்றது? மைக்க அழுத்தினா வார்த்தையே வரல

நான் செஞ்சத அப்படியே சொல்றேன். என் காலேஜ் நண்பன், ஊர் திருமங்கலம், அவங்கப்பா அங்க டெய்லர் கடை வச்சிருந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை விடியக்காலைல தவறிட்டார். நான் அப்போ பெங்களூர்ல இருந்தேன், மத்தியானமே எடுக்கிறாங்கன்னு சொன்னாங்க, கிளம்பினாலும் போய்ச் சேர முடியாது. ராத்திரி ஒன்பதரைக்கு உட்கார்ந்து பேசினேன், முதல் தடவ ரெண்டே முக்கால் நிமிஷம் வந்துச்சு. அனுப்பல, திரும்ப கேட்டுப் பார்த்தேன். முதல் ஒரு நிமிஷம் முழுக்க நான் ஏன் வர முடியலங்கிற கதை, லீவு, டிக்கெட், மேனேஜர். அப்புறம் "எப்படிடா ஆச்சு, நல்லா தானே இருந்தார், சுகர் இருந்துச்சா"ன்னு கேள்வி. அப்புறம் "அம்மாவ நீதான் பாத்துக்கணும், நீ உடைஞ்சு போகக் கூடாது". அவங்கப்பாவ பத்தி நான் பேசினது கடைசி பத்து செகண்டுல, அதுவும் "ரொம்ப நல்ல மனுஷன்"னு ஒரே வார்த்தை. கேட்டு முடிச்சதும் எனக்கே கஷ்டமா இருந்துச்சு, அவனோட துக்கத்துக்கு பேச உட்கார்ந்து என்னைப் பத்தி தான் பேசிருக்கேன்.

அழிச்சுட்டு ஒரு பேப்பர்ல நாலு வார்த்தை மட்டும் எழுதினேன். சேதி, பேன்ட், வியாழன், பதில் வேணாம். அந்த நாலையும் பார்த்துக்கிட்டே ரெண்டாவது தடவ பேசினது இது:

"மாப்ள, நான்தான்டா பேசுறேன், பெங்களூர்ல இருந்து. அப்பா தவறிட்டாங்கன்னு காலைல கேட்டேன். மனசே ஆறலடா. அந்த கேம்பஸ் இன்டர்வியூக்கு முதல் நாள் ராத்திரி, கடைய பூட்டிட்டு வீட்டுக்கு வந்தவரு, என் பேன்ட் நீளமா கிடக்குன்னு பாத்துட்டு திரும்ப போய் கடைய திறந்து மடிச்சு தச்சு கொடுத்தாரு. காசு நீட்டினேன், 'வேலை கிடைச்சதும் ஒரு சட்டை தைக்க வா'ன்னாரு. அந்த பேன்ட்ட போட்டுக்கிட்டு தான்டா நான் அந்த வேலைய வாங்கினேன். அத மறக்க மாட்டேன். நாளைக்கு ராத்திரி பஸ் ஏறுறேன், வியாழன் காலைல உன் வீட்ல இருப்பேன், ரெண்டு நாள் உன் கூடத்தான். இதுக்கு நீ பதில் போடணும்னு இல்ல. பேசணும்னு தோணுச்சுன்னா எத்தன மணியா இருந்தாலும் கூப்பிடு. வச்சுடுறேன்டா."

மெதுவா, நடுவுல நிறுத்தி நிறுத்தி பேசினா கிட்டத்தட்ட ஐம்பது செகண்ட் வரும். இதுல நாலே விஷயம் தான் இருக்கு. நான் யாரு, சேதி எனக்கு வந்துருச்சு. அவங்கப்பா செஞ்ச ஒரு காரியம். நான் செய்யப் போற ஒரு காரியம், எந்த நாள்ங்கிறதோட. அப்புறம் பதில் போட வேண்டாம்.

"நான்தான் பேசுறேன்"னு சொல்லி ஊரையோ பேரையோ சேர்க்கிறது எதுக்குன்னா, ஃபோன் வேற யார் கையிலயாவது இருக்கலாம், இல்ல அவனுக்கே தலை சுத்தி யார் குரல்னு பிடிபடாம இருக்கலாம். ஹாய், ஹலோ, குட் ஈவ்னிங் எதுவும் வேண்டாம். முடிக்கும்போதும் பை, டேக் கேர் வேண்டாம். சாவு வீட்ல இருந்து கிளம்பும்போது "போயிட்டு வரேன்"னு நாம சொல்றதில்ல, சொல்லாமலே எழுந்து வர்றோம். அந்த வழக்கத்த மனசுல வச்சு, "சரிடா வரேன்"னு முடிக்காம "வச்சுடுறேன்டா"ன்னு முடிச்சேன். அவன் கண்டுக்க மாட்டான், ஆனா பக்கத்துல அவங்க அத்தையோ பாட்டியோ இருந்தா அவங்க காதுல அந்த "வரேன்" படும்.

மத்ததெல்லாம் விட அந்த பேன்ட் கதை தான் முக்கியம். "நல்ல மனுஷன்"னு ஊரே சொல்லும், திரும்ப போய் கடைய திறந்தத நான் மட்டும் தான் சொல்ல முடியும். அவனுக்கே அது தெரியாது, நான் வியாழக்கிழமை போனப்போ முதல்ல கேட்டது "அப்பா எப்படா உனக்கு பேன்ட் தச்சாரு"ன்னு தான். அவங்கப்பாவ பத்தி புதுசா ஒண்ணு தெரிஞ்சுக்க இனிமே அவனுக்கு வழி ரொம்ப குறைவு, நம்மள மாதிரி ஆளுங்க சொன்னா தான் உண்டு.

"இறந்துட்டாங்க"ன்னு சொல்லலாமா, இல்ல வேற எப்படி சொல்றது?

"தவறிட்டாங்க" எல்லா இடத்துலயும் பொருந்தும். "அப்பா போயிட்டாங்கன்னு கேட்டேன்"னும் சொல்லலாம். "செத்துட்டாரு" வேண்டாம், காதுல அடிக்கும். "எக்ஸ்பயர் ஆயிட்டார்"னு இப்போ நிறைய பேர் சொல்றாங்க, ஆபீஸ்ல சேதி சொல்ல அது சரி, நண்பன்கிட்ட சொன்னா தூரமா இருக்கு. "இறைவனடி சேர்ந்தார்" போஸ்டருக்கு நல்லா இருக்கும், பேச்சுல வராது.

அதே மாதிரி "உங்கப்பா"ங்கிறத விட வெறும் "அப்பா"ன்னு சொல்லுங்க. நண்பனோட அப்பாவ நாமளும் அப்பான்னு தானே கூப்பிட்டோம். இத்தன நாள் "அங்கிள்"னு கூப்பிட்டிருந்தா அங்கிள்னே சொல்லுங்க, மாமான்னா மாமா. அன்னைக்கு மட்டும் புது வார்த்தை போட்டா ஒட்டாது.

எதெல்லாம் சொல்லவே கூடாது?

எப்படி ஆச்சுன்னு கேட்காதீங்க. வாய்ஸ்ல கேள்வியே இருக்க வேண்டாம், கேள்வி கேட்டா பதில் சொல்ற வேலை அவனுக்கு வந்துடும்.

"வயசாச்சுல்ல, கஷ்டப்படாம போனாங்களே, கல்யாண சாவு"ங்கிறதெல்லாம் அந்த வீட்டு பெரியவங்க தங்களுக்கு சொல்லிக்கிற ஆறுதல். எண்பத்தஞ்சு வயசு அம்மாவ பறிகொடுத்தவனுக்கும் அவ அம்மா தான். அவனே "நல்ல சாவுடா"ன்னு சொன்னா ஆமான்னு கேட்டுக்கலாம், நாம முதல்ல எடுத்துக் கொடுக்கக் கூடாது.

"எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு, எங்கப்பா போனப்போ…"ன்னு நம்ம கதைய ஆரம்பிக்கிறது ரொம்ப சுலபமா வரும். நானே இத செஞ்சிருக்கேன். அம்மாவ இழந்தவன்ங்கிற உரிமையில பேசினேன், அந்தப் பக்கம் இருந்தவன் கடைசியில எனக்கு ஆறுதல் சொல்லி பதில் போட்டான். இப்போ நினைச்சாலும் வருத்தமா இருக்கு. உங்களுக்கும் அந்த இழப்பு இருந்தா ஒரே வரி போதும், "இந்த ராத்திரி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்டா", அதோட நிறுத்திடுங்க.

"தைரியமா இரு, அழாத, நீதான் இனி குடும்பத்த பாத்துக்கணும்". இத சொல்ல அங்க இருபது பேர் இருக்காங்க. மூத்த பிள்ளையா இருந்தா கொள்ளி வச்சு முடிச்ச அன்னைக்கே தோள்ல எல்லாரும் கை வச்சு அத தான் சொல்வாங்க. நண்பன்கிட்ட மட்டுமாவது அவன் அழலாம்.

"என்ன உதவின்னாலும் கேளுடா"ங்கிறதும் வேலைக்கு ஆகாது, நிஜமாவே உதவி வேணும்னாலும் யாரும் கேட்க மாட்டாங்க. எந்த நாள், என்ன வேலைன்னு நீங்களே சொல்லுங்க. "பதினாறாம் நாளுக்கு முந்தின நாளே வந்துடுறேன், சாப்பாடு ஆளுங்கள நான் பாத்துக்கிறேன்". அதுவும் செய்ய முடியும்னா மட்டும் சொல்லணும், வரேன்னு சொல்லிட்டு வராம போனா ஒண்ணும் சொல்லாததே மேல்.

பேசும்போது அழுகை வந்துட்டா என்ன பண்றது, திரும்ப ரெக்கார்ட் பண்ணணுமா?

குரல் தழுதழுக்கிறது, நடுவுல ரெண்டு செகண்ட் நிக்கிறது எல்லாம் இருக்கட்டும். அத சரி பண்ணி திரும்ப திரும்ப பேசினா அஞ்சாவது தடவ மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கிற மாதிரி ஆகிடும். நான் ரெண்டு தடவைக்கு மேல பண்றதில்ல. ஆனா விம்மி அழுது வார்த்தையே புரியலன்னா அத அனுப்பாதீங்க, கேட்கிறவன் பயந்து போய் உங்கள கூப்பிடுவான். தண்ணி குடிச்சுட்டு அரை மணி நேரம் கழிச்சு பேசுங்க.

ரெக்கார்ட் பண்றதுல கவனிக்க வேண்டியது ஏதாவது இருக்கா?

இருக்கு. வாட்ஸ்அப்ல மைக்க அழுத்திப் பிடிச்சே பேசினா விரல் நழுவின நிமிஷம் பாதி வாக்கியத்தோட போயிடும். அழுத்தி மேல தள்ளினா பூட்டு விழும், கைய எடுத்துட்டு பேசலாம், நடுவுல நிறுத்தலாம், அனுப்புறதுக்கு முன்னாடி கேட்டுப் பார்த்து வேண்டாம்னா குப்பைத்தொட்டிய தட்டலாம். கேட்டுப் பாக்காம அனுப்பாதீங்க. அனுப்பிட்டு Delete for everyone போட்டா குரல் போயிடும், ஆனா ஒரு மெசேஜ் அழிக்கப்பட்டதுங்கிற அடையாளம் அங்கயே நிக்கும், அந்த நேரத்துல அது அவனுக்கு தேவையில்லாத யோசனை.

ஒரு தடவ மட்டும் கேட்கிற மாதிரி View once-ன்னு ஒரு வசதி இருக்கு, அனுப்புற பட்டன் பக்கத்துல வர்ற 1-ங்கிற குறி தெரியாத்தனமா ஆன் ஆகி இருக்கான்னு பாருங்க. இந்த குரல் அவன் ஆறு மாசம் கழிச்சும் தேடி கேட்கிற குரலா இருக்கலாம்.

ரோட்டுல, ஆட்டோல, டிவி ஓடுற ரூம்ல பேசாதீங்க. பின்னாடி சிரிப்பு சத்தமோ பாட்டோ கேட்டா நீங்க எவ்வளவு மனசார பேசினாலும் காதுல அது தான் விழும். ஃபேன நிறுத்திட்டு ஃபோன வாய்க்கு ஒரு ஜாண் தள்ளி வச்சா போதும். அப்புறம், துண்டு துண்டா அஞ்சு வாய்ஸ் அனுப்பாம ஒண்ணா அனுப்புங்க, ஒண்ணு முடிஞ்சா அடுத்தது தானா ஓட ஆரம்பிச்சுடும், எங்க முடியுதுன்னு தெரியாம அவன் கேட்டுக்கிட்டே இருக்கணும்.

எங்க காலேஜ் குரூப்ல எல்லாரும் போடுறாங்க, நானும் அங்கயே போட்டா போதாதா?

போதாது. குரூப்ல எழுத்துல ஒரு வரி போடுங்க, குரல தனியா அனுப்புங்க. குரூப்ல அத்தனை பேர் பாக்குறாங்கன்னு நம்ம பேச்சே மாறிடும், மேடையில பேசுற மாதிரி ஆகிடும். அந்த பேன்ட் கதைய நான் குரூப்ல சொல்லிருக்க மாட்டேன்.

அவளோட அம்மாவ நான் பாத்ததே இல்ல, எதைப் பத்தி பேசுறது?

அவ அம்மாவ பத்தி அவ சொன்னது ஏதாவது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆபீஸ்ல டப்பாவ திறக்கும்போது "எங்கம்மா புளியோதரையில கடலைப்பருப்பு அதிகமா போடுவாங்க"ன்னு சொல்லிருப்பா, தினம் ஆறு மணிக்கு ஃபோன் வந்தா "அம்மா தான், சாப்பிட்டியான்னு கேட்பாங்க"ன்னு எழுந்து போயிருப்பா. அத சொல்லுங்க: "நான் அம்மாவ பாத்ததில்லம்மா, ஆனா அந்த ஆறு மணி ஃபோன் எனக்குத் தெரியும், அது வந்தா நீ சிரிச்சுக்கிட்டே எழுந்து போவ". பாத்த மாதிரி நடிச்சு "ரொம்ப பாசமானவங்க"ன்னு சொல்ல வேண்டாம். ஒண்ணுமே ஞாபகம் இல்லன்னா முப்பது செகண்டுல முடிச்சுடலாம், தப்பில்ல.

கல்யாணம் ஆன தோழி, காரியம் எல்லாம் அவ அண்ணன் வீட்ல நடக்குது, அவளுக்கு தனியா அனுப்பணுமா?

கண்டிப்பா. துக்கம் விசாரிக்க வர்றவங்க பெரும்பாலும் மகன்கிட்ட தான் கைய பிடிச்சு பேசுவாங்க, மகள் உள்ள பொம்பளைங்களோட உட்கார்ந்திருப்பா. காரியம் முடிஞ்சு புகுந்த வீட்டுக்கு திரும்பினா அங்க அது அவங்க வீட்டு சாவு இல்ல, ரெண்டு நாள்ல சமையல், பிள்ளைங்க ஸ்கூல்னு ஆகிடும். என் தங்கச்சி அப்படித்தான் தவிச்சா. அம்மா போன மூணாவது வாரம் அவ கூட படிச்ச பொண்ணு ஒருத்தி "டீ, இன்னைக்கு அம்மா ஞாபகம் வந்துச்சு, அவங்க எனக்கு தலை பின்னி விட்டது"ன்னு அனுப்பின முப்பது செகண்ட, சமையல் ரூம்ல நின்னு எத்தனையோ தடவ கேட்டதா சொன்னா. அதனால தோழிக்கு ரெண்டு தடவ அனுப்புங்க, ஒண்ணு அப்போ, இன்னொண்ணு அவ தன் வீட்டுக்கு திரும்பினப்புறம்.

அவனுக்கும் அவங்கப்பாவுக்கும் பேச்சே இல்ல, குடிச்சு குடும்பத்த கெடுத்தவர். என்ன சொல்றது?

அவர புகழாதீங்க, திட்டவும் செய்யாதீங்க. பத்து வருஷம் பேசாம இருந்தவன்தான் சில நேரம் அதிகமா உடைஞ்சு போவான், சரி பண்ண இனி நேரம் இல்லைன்னு அன்னைக்கு தான் தெரியும். சில பேருக்கு அழுகையே வராது, அது ஏன்னு தெரியாம குழம்புவாங்க. அப்பாவ விட்டுட்டு அவனப் பத்தி பேசுங்க: "டேய், சேதி கேட்டேன். உனக்கு இப்போ என்ன தோணுதோ அது தோணட்டும், அழுகை வரலன்னாலும் ஒண்ணும் தப்பில்ல. நான் ஞாயித்துக்கிழமை வரேன், பேச வேணாம், சும்மா உட்கார்ந்திருப்போம்". இருபது செகண்ட் தான் வரும், அது போதும்.

முஸ்லிம் நண்பர், கிறிஸ்தவ நண்பர், இலங்கை நண்பர்னா வேற மாதிரி பேசணுமா?

நினைவும், வர்ற நாளும், பதில் வேணாம்ங்கிறதும் எல்லாருக்கும் ஒண்ணு தான். "ஆத்மா சாந்தியடையட்டும்" மட்டும் எல்லார் வீட்டு வார்த்தையும் இல்ல. முஸ்லிம் நண்பருக்கு "அல்லாஹ் அத்தாவோட பாவங்கள மன்னிச்சு சொர்க்கத்த கொடுக்கட்டும்"னு சொல்லலாம், அத்தா, வாப்பா, பாவா எதுன்னு அவர் வீட்ல எப்படி கூப்பிடுவாங்களோ அப்படியே கூப்பிடுங்க. அடக்கம் சீக்கிரம் நடந்துடும், அதனால "எப்போ எடுக்குறீங்க"ன்னு சாயங்காலம் அனுப்பின வாய்ஸ் வெறுமையா போய்ச் சேரும். அத்தா தவறினா அம்மா நாலு மாசம் பத்து நாள் இத்தா இருப்பாங்க, அதாவது துக்கம் காத்து வீட்டோட இருப்பாங்க, வீட்டுக்கு போறதா இருந்தா அவன்கிட்ட கேட்டுட்டு போங்க. கிறிஸ்தவ நண்பருக்கு "கர்த்தர் உங்க எல்லாருக்கும் ஆறுதல் தரட்டும்" போதும். இலங்கை இந்து நண்பர்கள் வீட்ல முப்பத்தோராம் நாள் அந்தியேட்டின்னு ஒரு காரியம் செய்வாங்க, அத ஞாபகம் வச்சு அன்னைக்கு ஒரு தடவ பேசினா அவங்களுக்கு அது பெரிய விஷயம்.

வாயில வராத வார்த்தைய படிச்சு ஒப்பிக்க மட்டும் வேண்டாம். தெரியலன்னா "அம்மாவுக்காக நான் வேண்டிக்கிறேன்"னு உங்க வழியில சொல்லுங்க.

ரெண்டு மாசம் கழிச்சு தான் எனக்குத் தெரிஞ்சுது, இனிமே அனுப்பலாமா?

அனுப்புங்க. "ஏன்டா எனக்கு சொல்லல"ன்னு மட்டும் ஆரம்பிக்காதீங்க. "இன்னைக்கு தான்டா எனக்குத் தெரிஞ்சுது"ன்னு ஒரு வரி, அப்புறம் நேரா நினைவுக்கு போயிடுங்க. ரெண்டு மாசம் கழிச்சு யாரும் விசாரிக்க மாட்டாங்க, அதனால அது இன்னும் நல்லாவே கேட்கும். இந்த சமயத்துல காகித வேலைக்கு ஆள் தேவைப்படும், இறப்ப 21 நாளுக்குள்ள பதிவு பண்ணிருப்பாங்க, ஆனா அந்த சர்டிபிகேட்ட வச்சு வாரிசு சான்றிதழ், பேங்க், பென்ஷன்னு அலையறது தான் அப்போ நடந்துக்கிட்டு இருக்கும். "தாலுகா ஆபீசுக்கு போற அன்னைக்கு நான் லீவு போட்டு வரேன்"னு சொன்னா அது நிஜமான உதவி.

அனுப்பி நாலு நாள் ஆச்சு, கேட்டுட்டான்னு நீலமா காட்டுது, பதிலே இல்ல. திரும்ப கேட்கலாமா?

கேட்காதீங்க. பதில் வேணாம்னு நாமதானே சொன்னோம். எனக்கு வந்த அந்த மூணுல ஒண்ணுக்கு நான் இன்னைக்கு வரைக்கும் பதில் போடல, அனுப்பினவனும் ஒரு நாளும் கேட்டதில்ல.

வருஷம் திரும்புற வரைக்கும் அந்த வீட்ல பண்டிகை இருக்காது. முதல் தீபாவளிக்கு வாழ்த்து படம் எல்லாருக்கும் ஃபார்வேர்ட் பண்ணும்போது அவன் பேர விட்டுடுங்க, அதுக்கு பதிலா அன்னைக்கு காலைல ஒரு இருபது செகண்ட், "மாப்ள, நான்தான்டா. தீபாவளிக்கு முதல் நாள் அப்பா கடையில ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் மெஷின் ஓடிக்கிட்டு இருக்கும்ல, அது ஞாபகம் வந்துச்சு, அதான்". திருமங்கலத்துக்காரனுக்கு நான் அப்படித்தான் அனுப்பினேன். அதுக்கு அஞ்சே நிமிஷத்துல கூப்பிட்டான், முக்கால் மணி நேரம் அவங்கப்பாவ பத்தியே பேசினான்.